மனச்சிதைவு நோயில் கவனமும் நினைவும்: கணினிப் பயிற்சியா, உத்திப் பயிற்சியா, துணை ஏற்பாடா?

மனச்சிதைவு நோயாளிகளோடு வேலை செய்யும் சிகிச்சையாளர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. மருந்தில் குரல்கள் அடங்கிவிட்டன, சந்தேகங்கள் குறைந்துவிட்டன. ஆனாலும் சொன்னது நினைவில் நிற்பதில்லை, கையில் எடுத்த வேலையில் பத்து நிமிடம் கவனம் தங்குவதில்லை. அறிதிறன் சீரமைப்புப் பயிற்சி கொடுக்கலாம் என்று தெரியும். எந்த வகையைக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். கணினியில் விளையாட்டுப் போல வரும் பயிற்சிகளை வாங்கிப் போடுவதா? எதிரில் உட்கார்ந்து தாளும் பென்சிலும் வைத்து நினைவு உத்திகளைச் சொல்லித் தருவதா? அல்லது நினைவைத் திருத்தும் முயற்சியை விட்டுவிட்டு, பட்டியல், அலாரம், குறிப்பேடு என்று வெளியிலிருந்து முட்டுக் கொடுப்பதா?

மூன்றுக்கும் ஆய்வு ஆதாரம் உண்டு. அதனாலேயே தேர்வு கடினமாகிறது. இங்கே கவனத்தையும் சொல்வழி நினைவையும் மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றையும் ஒப்பிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு நான் இரண்டாவது வழியில்தான் தொடங்குவேன். அதனால் அதற்கான அமர்வுத் திட்டத்தையும் விரிவாகத் தருகிறேன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதல் அளவுகோல், பிழை எங்கே பிறக்கிறது என்பது. 'மறதி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மனச்சிதைவில் நினைவுக் குறையின் பெரும்பகுதி, உள்ளே போனது வேகமாக அழிந்துபோவதால் வருவதில்லை. உள்ளே போகும்போதே ஒழுங்காக அடுக்கப்படாததால் வருகிறது. கலந்து கிடக்கும் சொற்களை மற்றவர்கள் தாமாகவே வகைப்படுத்தி மனதில் வைத்துக்கொள்வார்கள். இந்த நோயுள்ளவர்களில் பலர் அப்படித் தாமாகச் செய்வதில்லை. செய்யச் சொன்னால் பலரால் முடிகிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பாதி முடிவு கிடைத்த மாதிரி.

இரண்டாவது, கற்றது வாழ்க்கைக்குப் போய்ச் சேருமா என்பது. பயிற்சித் திரையில் மதிப்பெண் ஏறுவதும், மேலாளர் சொன்ன நான்கு வேலைகளை ஒருவர் மறக்காமல் முடிப்பதும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் பல திட்டங்கள் வீணாகின்றன.

மூன்றாவது உழைப்பு. யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் செய்யப்போகிறார்கள்? நான்காவது, அந்த நபர் பயிற்சியில் தங்குவாரா? ஊக்கக் குறைவு இந்த நோயின் பகுதியே. ஆகவே எது சிறந்த பயிற்சி என்பதோடு, எதற்கு அவர் மூன்றாவது வாரமும் வருவார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த நான்கையும் எடைபோடும் முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். கை நடுக்கத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள் நினைவை நேரடியாக மங்கச் செய்பவை. இத்தகைய மருந்துச் சுமை அதிகமாக இருந்தவர்களுக்கு அறிதிறன் பயிற்சியின் பலன் குறைவாக இருந்ததை 2009இல் சோஃபியா வினோகிராடோவ் குழுவினரின் ஆய்வு காட்டியது. மருந்தை மாற்றுவது நம் வேலை இல்லை. ஆனால் மனநல மருத்துவரிடம் 'இது இன்னும் தேவையா, அளவைக் குறைக்க முடியுமா' என்று கேட்பது நம் வேலைதான். தூக்கம், பகல் மந்தம், கேட்கும் திறன், பார்வை ஆகியவற்றையும் அதே மூச்சில் விசாரித்துவிடுங்கள். கண்ணாடி இல்லாததால் தவறவிட்ட எழுத்துகளைக் கவனக்குறைவு என்று எண்ணி வாரக்கணக்கில் பயிற்சி கொடுப்பதில் யாருக்கும் பயனில்லை.

## வழி ஒன்று: கணினியில் திரும்பத் திரும்பப் பயிற்சி

இதன் அடிப்படை எண்ணம் எளிது. ஒலிகளையும் உருவங்களையும் மூளை துல்லியமாகவும் வேகமாகவும் பிரித்தறியப் பழகினால், அதன்மேல் நிற்கும் கவனமும் நினைவும் தானாக மேம்படும் என்பது. மிக நெருக்கமான இரண்டு ஒலிகளை வேறுபடுத்துவது, ஒரு கணம் தோன்றி மறையும் உருவத்தைப் பிடிப்பது போன்றவை ஆயிரக்கணக்கான முறை வரும். சரியாகச் செய்யச் செய்ய மென்பொருளே கடினத்தைக் கூட்டும், தவறினால் குறைக்கும். மெலிசா ஃபிஷரும் வினோகிராடோவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஒலிவழிப் பயிற்சி 50 மணி நேரம் தரப்பட்டது. விளையாட்டு மட்டும் ஆடியவர்களைவிட அதில் பங்கேற்றவர்களின் சொல்வழி நினைவு கூடியது.

இதன் பலம் அந்தத் துல்லியம்தான். ஒவ்வொரு பதிலுக்கும் ஏற்பக் கடினத்தை நகர்த்துவது கையால் ஆகிற காரியமில்லை. சலிப்பில்லாமல் ஒரே விஷயத்தை ஆயிரம் முறை கேட்பதும் மனிதரால் முடியாது.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கணினி இருந்தால் சிகிச்சையாளர் நேரம் மிச்சம் என்று நினைத்துத்தான் பல இடங்களில் இதை வாங்குகிறார்கள். ஆனால் நோயாளியைத் திரைமுன் தனியாக விட்டால் அவர் மெல்ல மெல்ல வராமல் போகிறார், அல்லது வந்து இலக்கில்லாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார். 2021இல் அன்டோனியோ வீட்டா குழுவினர் 130 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் முனைப்பாக உடன் இருப்பது பலனைத் தீர்மானிக்கும் கூறுகளில் ஒன்றாக வெளிப்பட்டது. ஆக அந்த மணி நேரம் மிச்சமாவதில்லை. அப்புறம் மொழி. ஒலிகளைப் பிரித்தறியும் பயிற்சி ஒரு குறிப்பிட்ட மொழியின் ஒலிகளை வைத்துக் கட்டப்பட்டது. அந்த மொழியில் புழங்காதவருக்கு அதே பயிற்சி வேறொரு சோதனையாகிவிடும். குரல்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிச் செய்யும் பயிற்சி சிரமம் தரலாம். முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இது யாருக்கு நல்லது? எளிய கவனப் பயிற்சியிலேயே வேகம் மிகக் குறைவாக இருப்பவர், உத்தி எதைச் சொன்னாலும் அதைப் பிடிக்கும் முன்பே செய்தி கடந்துபோய்விடும் நிலையில் இருப்பவர், கணினியை விரும்புபவர், வாரத்தில் நான்கைந்து நாள் வர முடிந்தவர். இந்த நான்கில் கடைசி நிபந்தனை பெரும்பாலும் பொருந்துவதில்லை.

## வழி இரண்டு: சிகிச்சையாளருடன் உத்திப் பயிற்சி

இங்கே பயிற்சித்தாள் வெறும் வாகனம். நாம் உண்மையில் கற்பிப்பது, ஒரு வேலையைத் தொடங்கும் முன் எப்படி யோசிப்பது, நடுவில் எப்படித் தன்னைச் சரிபார்ப்பது, முடிந்தபின் எது உதவியது என்று எப்படிக் கண்டுகொள்வது என்பவற்றை. ஆன் டெலஹன்ட்டி, ராட் மோரிஸ் ஆகியோரின் பயிற்சித் தொகுப்பிலிருந்து வளர்ந்து, டில் வைக்ஸ், கிளேர் ரீடர் கைகளில் முழு வடிவம் பெற்ற முறை இந்த வகையைச் சேர்ந்தது. வைக்ஸ் குழுவினரின் ஆய்வுகளில் வாரம் மூன்று முறையாவது, மொத்தம் 40 அமர்வுகள் என்பது வழக்கமான அளவு.

மூன்று விதிகள் இதைத் தாங்குகின்றன. பயிற்சியின் கடினம் பத்தில் எட்டு சரியாக வரும் அளவில் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக வந்தால் உத்திக்குத் தேவையே எழாது. பாதி தவறினால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த 'என்னால் முடியாது' என்ற எண்ணம் உறுதிப்படும். அடுத்து, உத்தி வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். முதலில் நாம் சொல்லிக்கொண்டே செய்து காட்டுகிறோம். பிறகு அவர் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்கிறார், அப்புறம் முணுமுணுப்பாக, கடைசியில் மனதுக்குள். மூன்றாவதாக, ஒவ்வொரு அமர்விலும் அந்த உத்தி வாழ்க்கையில் ஒரு இடத்தோடு கட்டப்பட வேண்டும்.

வைக்ஸின் 2011 தொகுப்பாய்வு 40 ஆய்வுகளைப் பார்த்தது. அதில் அறிதிறனில் நடுத்தர அளவு முன்னேற்றம் தெரிந்தது. அன்றாடச் செயல்பாட்டில் கிடைத்த பலனோ, உத்திகளைக் கற்பித்து, கூடவே மறுவாழ்வுப் பயிற்சியும் நடந்த இடங்களில் கூடுதலாக இருந்தது. பத்து ஆண்டு கழித்து வந்த வீட்டாவின் தொகுப்பில் சராசரிப் பலன் அதைவிடச் சிறியது, ஆனால் திசை அதேதான். இன்னொன்றும் அதில் வெளிப்பட்டது. படிப்பு ஆண்டுகள் குறைவாக உள்ளவர்களும், தொடக்கத்தில் நோய்க்குறிகள் கூடுதலாக இருந்தவர்களும் அதிகப் பலன் பெற்றார்கள். 'இவர் அதிகம் படிக்கவில்லை, உத்தியெல்லாம் ஏறாது' என்று ஒருவரை வடிகட்டும் பழக்கத்துக்கு ஆதாரமில்லை.

மறைந்திருக்கும் செலவு நம்மிடமே இருக்கிறது. படிப்படியாகக் கடினமாகும் தாள்களை உள்ளூர் மொழியில் தயாரிக்க நேரம் வேண்டும். ஒரே தாளைத் திரும்பத் தந்தால் விடை மனப்பாடமாகிவிடும். அதைவிடப் பெரிய இடர், நாம் அதிகம் பேசுவது. நோயாளி தயங்கும்போது ஐந்து விநாடி மௌனம் தாங்காமல் 'வகைவகையாப் பிரிச்சுப் பாருங்க' என்று சொல்லிவிடுகிறோம். அவர் செய்கிறார், சரியாக வருகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் உத்தியைத் தேர்ந்தெடுத்தது நாம். உங்கள் அமர்வை அனுமதியோடு ஒருமுறை பதிவு செய்து, உத்தியை முதலில் வாயெடுத்தது யார் என்று எண்ணிப் பாருங்கள். பத்தாவது அமர்விலும் நீங்களாகவே இருந்தால் பயிற்சி அவருக்குள் இறங்கவில்லை என்று பொருள்.

## வழி மூன்று: துணை ஏற்பாடுகள்

நினைவை மாற்ற முயலாமல் நினைவுக்கு வேலையே இல்லாமல் சூழலை மாற்றுவது இது. டான் வெல்லிகன் வளர்த்தெடுத்த முறையில் ஒரு நுட்பமான பிரிவினை உண்டு. ஒருவர் எதையும் தானாகத் தொடங்காதவர் என்றால் அவருக்குத் தூண்டுதல் வேண்டும்: கண்ணில் படும் இடத்தில் பட்டியல், குறித்த நேரத்தில் ஒலிக்கும் அலாரம், நாளைக்கு அணியும் உடைகள் முழு செட்டாக ஒரே இடத்தில். இன்னொருவர் கண்ணில் படுவதற்கெல்லாம் இழுபடுபவர் என்றால் அவருக்குக் குறைப்பு வேண்டும்: தேவையில்லாத பொருள்களை அப்புறப்படுத்துவது, அலமாரியில் அந்தப் பருவத்துக்கான துணி மட்டும் இருப்பது. முதலாமவருக்கு உதவும் வண்ணத் தாள்கள் இரண்டாமவரைச் சிதறடிக்கும். எல்லோருக்கும் ஒரே பட்டியலை ஒட்டிவிட்டு வருவது இந்த முறையே இல்லை.

பலன் விரைவில் தெரியும், உடனே வாழ்க்கையில் தெரியும். மாத்திரை நேரத்துக்குப் போகிறது, கிளம்பும்போது சாவி மறப்பதில்லை. ஆனால் கற்றது அந்த இடத்திலேயே நிற்கும். வீட்டுப் பட்டியல் வேலையிடத்துக்கு வராது. பட்டியலைப் புதுப்பிக்க, அலாரத்தை மாற்ற, ஒட்டியது கிழிந்தால் திரும்ப ஒட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஏற்கெனவே களைத்துப்போன ஒரு குடும்ப உறுப்பினர். ஆதரவு நின்றால் பழக்கமும் கரையத் தொடங்கும். இந்த உழைப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அவரைத் தனியாகக் கேட்டு, அவர் சம்மதித்த அளவுக்கு மட்டுமே ஏற்பாடு செய்யுங்கள்.

இதற்கும் இரண்டாம் வழிக்கும் நடுவில் ஒரு கலப்பு இருக்கிறது. எலிசபெத் ட்வாம்லி வடிவமைத்த ஈடுசெய் பயிற்சியில் நாட்காட்டி பயன்படுத்துவது, பேச்சில் கவனத்தைத் தக்கவைப்பது, நினைவு உத்திகள் ஆகியவை 12 வாரக் குழு அமர்வுகளில் கற்பிக்கப்படுகின்றன. வாரம் ஒருமுறைதான் சந்திக்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

## ஒரே பார்வையில்

| | கணினிப் பயிற்சி | உத்திப் பயிற்சி | துணை ஏற்பாடு |
|---|---|---|---|
| எந்தப் பிழைக்கு | மந்த வேகம், அடிப்படைக் கவனம் | அடுக்காமல் உள்வாங்குவது, விதி நழுவுவது | தானாகத் தொடங்காமை, சிதறல் |
| வாழ்க்கைக்குப் போவது | தனியாக விட்டால் குறைவு | இணைத்துக் கற்பித்தால் நன்று | உடனடி, ஆனால் அதே இடத்தில் மட்டும் |
| மறைந்த செலவு | உடனிருக்கும் ஆள், மொழிப் பொருத்தம் | தாள் தயாரிப்பு, மேற்பார்வை | குடும்பத்தின் தொடர் உழைப்பு |
| கைவிடும் ஆபத்து | சலிப்பு | தோல்வி உணர்வு | 'குழந்தை மாதிரி நடத்துகிறார்கள்' என்ற எண்ணம் |

## எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை

தரப்படுத்தப்பட்ட மதிப்பீடு கையில் இருந்தால் அதைச் செய்துவிடுங்கள். மேட்ரிக்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு ஏழு அறிதிறன் துறைகளை அளக்கிறது. நேரம் குறைவென்றால் ரிச்சர்ட் கீஃபின் பேக்ஸ் என்ற சுருக்கமான சோதனை போதும். ஆனால் இரண்டும் 'எவ்வளவு குறை' என்று சொல்லும். 'எப்படிக் குறைகிறது' என்பதை நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். விளக்கத்துக்காக உருவாக்கிய ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

29 வயதுப் பெண். ஆறு ஆண்டுகளாக நோய், குரல்கள் அடங்கி ஓராண்டு ஆகிறது. ஒரு நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் வேலை. காலையில் மேலாளர் நான்கு வேலைகளை வாயால் சொல்கிறார், இவர் இரண்டை முடிக்கிறார். மற்ற இரண்டும் சொல்லப்பட்டதே அவருக்கு நினைவில்லை. மேலாளர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்.

அவருக்கு 12 சொற்களைக் கலந்து வாசிக்கிறோம்: சுத்தியல், காகம், மேசை, கிளி, நாற்காலி, ரம்பம், அலமாரி, புறா, உளி, கட்டில், மைனா, திருப்புளி. முதல் முறை 4 சொல்கிறார், இரண்டாம் முறை 5, மூன்றாம் முறை 6. சொன்ன வரிசையில் பறவைகள் ஒன்றாக வரவில்லை, கருவிகளும் ஒன்றாக வரவில்லை. இப்போது 'பறவைகள் என்னென்ன? கருவிகள்? அறையில் போடும் சாமான்கள்?' என்று கேட்டால் 9 வருகிறது. வேறு சொற்களோடு கலந்து 'இது பட்டியலில் இருந்ததா' என்று கேட்டால் 11ஐச் சரியாக அடையாளம் காண்கிறார். சொற்கள் உள்ளே போயிருக்கின்றன, எடுக்க வழி போடப்படவில்லை. இது உத்திப் பயிற்சிக்கான முகம். குறிப்பு கொடுத்தும் 5 அல்லது 6தான், அடையாளம் காண்பதும் ஊகம் போலவே என்றிருந்தால், சொற்கள் நுழையவே இல்லை. அப்போது வேகத்தையும் அடிப்படைக் கவனத்தையும் முதலில் கவனிப்பேன்.

அடுத்தது எழுத்து அடித்தல். 20 வரித் தாளில் எல்லா 'ம'வையும் அடிக்கச் சொல்கிறோம். முதல் பத்து வரியில் 2 விடுபடுகிறது, அடுத்த பத்தில் 11. தவறாக அடித்தது ஒன்றுகூட இல்லை. விதி மறக்கவில்லை, கவனம் பாதி வழியில் தளர்கிறது. ஐந்து வரிக்கு ஒருமுறை பென்சிலைக் கீழே வைத்து 'ம மட்டும்' என்று சொல்லிவிட்டுத் தொடரச் சொன்னால், வேறொரு தாளின் பின்பாதியில் விடுபட்டது 4 மட்டும். ஒரே ஒரு குறிப்பில் இவ்வளவு மாறுகிறவர் உத்தியால் பயன்பெறக்கூடியவர்.

## 50 நிமிட அமர்வு: எட்டாவது அமர்வை எடுத்துக்கொள்வோம்

முதல் 5 நிமிடம். தூக்கம், குரல்கள், மருந்து மாற்றம் ஏதும் உண்டா என்று கேட்கிறோம். பின்பு வீட்டுப்பயிற்சி. 'செய்தீங்களா' என்று கேட்டால் ஆம், இல்லை என்று முடிந்துவிடும். 'எந்த இடத்துல பயன்படுத்திப் பார்த்தீங்க?' என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் கண்டிக்காமல் அங்கேயே இரண்டு நிமிடத்தில் சேர்ந்து செய்துவிடலாம்.

5 முதல் 8 வரை. இன்றைய வேலைக்கும் அவர் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை ஒரே வாக்கியத்தில் சொல்கிறோம்: 'மேலாளர் பேசும்போது கடைசி வரை கவனம் நிக்கணும், அதுக்கு இது.' இரண்டு பயிற்சிகளில் எதை முதலில் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். சின்னத் தேர்வுதான். ஆனால் தேர்வும் சொந்த வாழ்வோடு தொடர்பும் சேரும்போது இந்த நோயுள்ளவர்களிடம் ஊக்கமும் கற்றலும் கூடுவதை ஜிமி சோய், அலிஸ் மெடாலியா ஆகியோரின் ஆய்வு காட்டியிருக்கிறது.

8 முதல் 20 வரை, கவனம். விநாடிக்கு ஒன்றாக எழுத்துகளை வாசிக்கிறோம். 'ம'வுக்கு அடுத்து 'க' வந்தால் மட்டும் மேசையைத் தட்ட வேண்டும். முதலில் அவருக்குப் பழகிய இரண்டு நிமிடத் தொடர், பிறகு மூன்று நிமிடம். இங்கே பிழையின் வகையைத் தனித்தனியாகக் குறியுங்கள். 'ம-க' வந்தும் தட்டவில்லை என்றால் மனம் நழுவியிருக்கிறது. வேறு எழுத்துக்குப் பின் வந்த 'க'வுக்குத் தட்டினால் விதியின் முதல் பாதி கைவிட்டுப் போயிருக்கிறது. இந்த இரண்டாவது வகை மனச்சிதைவில் முக்கியமானது. சூழலை மனதில் பிடித்து வைப்பதில் வரும் குறை அதில்தான் வெளிப்படுகிறது. முதல் வகைக்குத் தீர்வு, நடுவில் சற்று நிறுத்துவது: ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விட்டு விதியைச் சொல்வது. இரண்டாம் வகைக்கு, 'ம' கேட்டவுடன் 'காத்திரு' என்று முணுமுணுப்பது, வேறு எழுத்து வந்தால் 'விடு' என்பது. தொடர் முடிந்ததும் எண்ணிக்கையைச் சொல்லும் முன் 'எப்படிப் போச்சு? எந்த இடத்துல கவனம் போச்சு?' என்று அவரையே மதிப்பிட வையுங்கள்.

20 முதல் 23 வரை. இடைவேளை. எழுந்து நடக்கட்டும். களைப்பை அவர் சொல்லமாட்டார். பதில்கள் தாமதிப்பதும், 'தெரியாது' அடிக்கடி வருவதும்தான் அறிகுறி. அப்படித் தெரிந்தால் அன்று அமர்வை 35 நிமிடத்தில் முடித்துக்கொள்வதே சரி.

23 முதல் 38 வரை, நினைவு. புதிய 12 சொற்கள், இம்முறை அட்டைகளில். முதல் நான்கு அமர்வுகளில் வகைகளை நாம் சொன்னோம், அடுத்த மூன்றில் 'எப்படிப் பிரிக்கலாம்' என்று மட்டும் கேட்டோம். எட்டாவதில் அட்டைகளைக் கொடுத்துவிட்டு, 'நினைவில் வைக்க உங்களுக்கு எது உதவும்?' என்று கேட்டுக் காத்திருக்கிறோம். பத்து விநாடி மௌனம் இருக்கட்டும். அவர் அட்டைகளை நகர்த்தத் தொடங்கினால் எதுவும் பேச வேண்டாம். தொடங்காவிட்டால் 'போன தடவை என்ன செஞ்சீங்க?' என்பது அடுத்த படி. அதற்கும் நகரவில்லை என்றால்தான் முதல் வகையின் பெயரை மட்டும் சொல்வது. எந்தப் படியில் உதவி தேவைப்பட்டது என்பதைக் குறித்து வையுங்கள். சரியாகச் சொன்ன சொற்களின் எண்ணிக்கையைவிட இந்தக் குறிப்புதான் முன்னேற்றத்தைக் காட்டும். 10 சொற்கள் தொடர்ந்து வந்துவிட்டால், எளிதில் வகைப்படாத சொற்களைக் கலந்து கடினத்தைக் கூட்டலாம். அப்போது ஒரு சொல்லை இன்னொன்றோடு படமாகக் கோப்பது, சிறு கதையாக்குவது என்ற அடுத்த உத்திக்கு வழி திறக்கும்.

ஒரு எச்சரிக்கை. லாக்கர் எண், அவசர அழைப்பு எண், இயந்திரத்தை இயக்கும் படிகள் போன்ற மாறாத தகவலைக் கற்பிக்கும்போது இந்த 'நீங்களே கண்டுபிடியுங்கள்' முறை வேண்டாம். தவறாக ஊகித்தது சரியான விடையோடு சேர்ந்து பதிந்துவிடும். அங்கே விடையை முதலிலேயே சொல்லி, சொல்ல வைத்து, மெல்ல மெல்ல உதவியைக் குறைக்கும் பிழையில்லாக் கற்றல் பொருந்தும்.

38 முதல் 46 வரை, வாழ்க்கைக்கு. நாம் மேலாளராக நடிக்கிறோம்: 'திரும்பி வந்த புத்தகங்களைப் பிரிச்சு வைங்க, மூணு புத்தகத்துக்கு லேபிள் ஒட்டுங்க, இந்தப் பார்சலை முன்மேசையில கொடுங்க, பதினொரு மணிக்கு என்னை வந்து பாருங்க.' அவர் உடனே திருப்பிச் சொல்ல வேண்டும், அதையும் அடுக்கி: 'புத்தக வேலை ரெண்டு, கொடுக்கிற வேலை ஒண்ணு, நேரத்துக்கு ஒண்ணு.' சொற்பட்டியலில் பறவைகளையும் கருவிகளையும் பிரித்த அதே உத்தி இங்கே வேலை செய்கிறது. 'மொத்தம் நாலு' என்று எண்ணிக்கையையும் சொல்லவையுங்கள். ஒன்று விட்டுப்போனால் விட்டுப்போனது தெரிய அதுதான் வழி. மேலாளரிடம் 'ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கட்டுமா?' என்று கேட்கும் வாக்கியத்தையும் ஒத்திகை பாருங்கள். பலருக்கு உத்தியைவிட அந்த வாக்கியம்தான் கடினம்.

கடைசி 4 நிமிடம். அட்டைச் சொற்களை மீண்டும் கேட்கிறோம். எட்டு நிமிட இடைவெளிக்குப் பிறகு எவ்வளவு நின்றது என்று தெரியும். வீட்டுப்பயிற்சி ஒன்றே ஒன்று: நாளை காலை சொல்லப்படும் வேலைகளைத் திருப்பிச் சொல்லி எண்ணுவது. அதையும் அவரே தன் கையால் எழுதிக்கொள்ளட்டும்.

## எப்போது வழியை மாற்றுவது

வாரம் இரண்டு அல்லது மூன்று அமர்வு என்று வைத்து, பத்தாவது அமர்வில் நின்று பார்ப்பது என் வழக்கம். மூன்று விதமாக இருக்கலாம்.

அவர் உத்தியைத் தானே தொடங்குகிறார், வேலையிடத்திலும் ஒன்றிரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறார் என்றால் தொடருங்கள். முப்பது, நாற்பது அமர்வு வரை போகலாம். மறுமதிப்பீட்டுக்கு வேறு சொற்பட்டியல் எடுங்கள். பழையதையே எடுத்தால் பழக்கம்தான் அளக்கப்படும்.

அமர்வில் அருமையாகச் செய்கிறார், வெளியே ஒருமுறைகூடச் செய்யவில்லை. இங்கே உத்தி தெரியாதது காரணமில்லை, நேரத்தில் தொடங்காததுதான் காரணம். இன்னும் இருபது அமர்வு உத்தி கற்பிப்பதால் இது தீராது. மூன்றாம் வழியிலிருந்து ஒரே ஒரு துணையைச் சேருங்கள். நம் உதாரணத்தில், அடையாள அட்டையின் பின்புறம் ஒட்டிய சிறு தாள்: 'திருப்பிச் சொல். எண்ணு. எழுது.' காலையில் அட்டையை மாட்டும்போதே கண்ணில் படும். பயிற்சியும் துணையும் ஒன்றுக்கொன்று எதிரியில்லை. ஆனால் துணையை முதல் நாளே கொடுத்துவிட்டால், அவரால் தனியாக எதுவரை முடியும் என்பது தெரியாமலே போய்விடும்.

மூன்றாவது, அமர்விலேயே நகரவில்லை. மருந்துச் சுமை, மனச்சோர்வு, திரும்பத் தலைதூக்கும் குரல்கள் ஆகியவற்றை மறுபடி விசாரியுங்கள். அவை இல்லை என்றால், கடினத்தை இரண்டு படி இறக்கி ஒரு வாரம் பாருங்கள். அதன் பிறகும் வேகம்தான் தடை என்று தெரிந்தால் கணினிப் பயிற்சியை முன்னால் கொண்டுவந்து, உத்தியைச் சில வாரங்களுக்குத் தள்ளிவைக்கலாம். அப்படிச் செய்யும்போதும் திரைமுன் அமர்வின் கடைசி பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு, 38ஆம் நிமிடத்துக்குப் பிறகு சொன்ன அந்த நடிப்புப் பகுதியை மட்டும் விடாமல் நடத்துங்கள்.